கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொன்ன அண்ணைக்கு என்ன சொல்வது?

கேள்வி: நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வயது 28. வெள்ள நிவாரணப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு தரம் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மாதக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைச் சமர்ப்பித்தவர் எங்கள் பிரிவில் மூத்த அண்ணை ஒருவர். எங்கள் மேலதிகாரி மடம் அவரைப் பாராட்டியபோது அவர் எழும்பி, “மடம், அதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை, இந்தத் தங்கச்சிதான்” என்று என்னைக் காட்டினார். முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பதறிப்போய், “இல்லை மடம், நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை” என்று சொல்லிவிட்டேன். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. நான்கு நாளாகிறது, இன்னும் நன்றி சொல்லவில்லை. அவர் குடும்பக்காரர், அதிகம் கதைக்காதவர். தனியாகப் போய்க் கதைத்தால் ஒபிசில் கதை கட்டுவார்கள். எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் கூச்சப்படுவார். இன்னொன்று, என்னோடு இரண்டு நாள் இருந்து பட்டியலைச் சரிபார்த்த அக்காவின் பெயர் அங்கே வரவே இல்லை. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நன்றி எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். “நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை” என்ற அந்த வரி.

இப்படிச் சொல்லத்தான் நாங்கள் சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். யாராவது புகழ்ந்தால் தலையைக் குனிந்து “இல்லையில்லை” என்பதுதான் எங்களுக்கு மரியாதை. வீட்டுக்கு வந்த ஆள் “கூழ் நல்லாயிருக்கு” என்று சொன்னால், “இண்டைக்கு ஒடியல் மா கொஞ்சம் கூடிப்போச்சு” என்று நாங்களே ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லுவோம். வீட்டில் அது அழகு. கூட்டத்தில் அதே பழக்கம் வேறு ஒரு வேலையைச் செய்துவிடுகிறது. அந்த அண்ணை உங்களைப் புகழவில்லை. மேலதிகாரிக்கு ஒரு தகவலைத் திருத்திச் சொன்னார். “அதைச் செய்தது நான் இல்லை, இவர்தான்.” நீங்கள் அதற்கு “இல்லை” என்று சொன்னபோது, உங்கள் மனதில் இருந்தது அடக்கம். கேட்டுக்கொண்டிருந்த முப்பது பேருக்கும் விளங்கியது, அவர் சொன்னது சரியில்லை என்பது. மடம் என்ன நினைத்திருப்பார்? “இவர் சும்மா பெருந்தன்மைக்குச் சொல்கிறார்” என்றோ, “அந்தப் பிள்ளை சின்ன வேலை ஏதோ செய்திருக்கும், இவர் கூட்டிச் சொல்கிறார்” என்றோ நினைத்திருக்கலாம். அவர் முகம் மாறியதற்குக் காரணம் நீங்கள் நன்றி சொல்லாதது என்று நான் நினைக்கவில்லை. தான் உண்மையைச் சொன்ன இடத்தில் அது பொய்போல ஆகிவிட்டதே என்ற சங்கடமாகத்தான் இருக்கும்.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. முப்பது பேர் திரும்பிப் பார்க்கும்போது வாயில் வருவது பழகிய சொல்தான். ஆனால் இது விளங்கினால், நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டியது என்ன என்பதும் விளங்கிவிடும். அவருக்குத் தேவை “மிக்க நன்றி” என்ற இரண்டு சொல் அல்ல. “நீங்கள் சொன்னதுதான் சரி” என்று உங்கள் வாயால் வர வேண்டும்.

சரி, அவர் என்ன செய்தார் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். பாராட்டு ஏற்கெனவே அவர் கைக்கு வந்துவிட்டது. பேசாமல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பிறகு உங்களிடம் வந்து “மடம் சந்தோசப்பட்டவ பிள்ளை” என்று சொல்லியிருந்தால் நீங்களும் திருப்திப்பட்டிருப்பீர்கள். அதிகம் கதைக்காத ஒரு மனிதர், மேலதிகாரி ஒன்றைச் சொல்லி முடித்த பிறகு, எழும்பி நின்று அதைத் திருத்தியிருக்கிறார். அப்படிச் செய்வதில் அவருக்கு ஒரு சின்ன இழப்பும் உண்டு. “அப்போ நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்ற கேள்வி யார் மனதிலும் வரலாம் அல்லவா? அது தெரிந்தும் சொன்னார். நீங்கள் நன்றி சொல்ல வேண்டியது இதற்குத்தான். உங்களுக்குக் கிடைத்த பெயருக்கு நன்றி சொல்வது வேறு, அவர் செய்ததைக் கண்டுகொண்டேன் என்று சொல்வது வேறு.

நன்றி என்ற சொல்லே பழைய தமிழில் நன்மையைத்தான் குறித்தது. செய்ந்நன்றி என்றால் செய்த நன்மை. செய்ந்நன்றி அறிதல் என்று சொல்லும்போது, அங்கே முக்கியமான வினை அறிதல். நமக்கு ஒருவர் செய்த நன்மை இன்னது என்று அறிந்திருப்பது. இன்றைக்கு நாங்கள் நன்றியை ஒரு வார்த்தையாக்கி, அதைச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது என்று வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இன்னும் நெருக்கமானவர்களுக்கு “நன்றி” என்று சொன்னால், “என்ன, நன்றியெல்லாம் சொல்லிக்கொண்டு” என்று கோபிப்பார்கள். அந்தச் சொல் மேடைக்கும் கல்யாண அழைப்பிதழுக்கும் உரியதுபோல ஒலிக்கிறது. அவரோ உங்களைத் தங்கச்சி என்று கூப்பிடுபவர். நேரில் போய் “உங்களுக்கு மிக்க நன்றி” என்றால் இருவருக்கும் நடுவில் ஒரு மேசை போட்டதுபோல ஆகிவிடும். எங்கள் பேச்சில் இதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. “சரியான சந்தோசம் அண்ணை”, “பெரிய உபகாரம் அண்ணை”. உங்கள் விடயத்துக்கு “சந்தோசம்” பொருந்தும். “உபகாரம்” என்று சொன்னால் அவர் உங்களுக்குச் சலுகை காட்டியதுபோல ஆகும். அவர் சலுகை காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

என்ன சொல்வது என்பதில் இன்னும் ஒரு விடயம். 2016இல் சாரா அல்கோ என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும், தம்பதிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். “எனக்கு எவ்வளவு நன்மை கிடைத்தது” என்று தன்னைப் பற்றிப் பேசிய நன்றியைவிட, “நீ செய்தது எப்படிப்பட்டது” என்று மற்றவரின் செயலைப் பற்றிப் பேசிய நன்றிதான் கேட்டவருக்கு நெருக்கத்தைக் கொடுத்தது என்று கண்டார்கள். தம்பதிகளிடம் கண்டதை அப்படியே அலுவலகத்துக்கு எடுத்துவர முடியாது. ஆனாலும் நான் பயிற்சி வகுப்புகளில் இத்தனை வருடம் பார்த்ததும் இதுதான். “உங்களாலை எனக்கு மடத்திட்டை நல்ல பேர் கிடைச்சுது” என்று சொன்னால் கேட்பவர் நெளிவார். ஏனென்றால் தான் உங்களுக்கு ஏதோ வாங்கிக் கொடுத்ததுபோல அது கேட்கும். “மடம் சொன்ன பிறகும் எழும்பித் திருத்தினனீங்கள்” என்று சொன்னால் நெளிய ஒன்றும் இல்லை. நடந்ததைத்தான் சொல்கிறீர்கள்.

ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

“அண்ணை, அண்டைக்கு மடம் உங்களைப் பாராட்டினாப் பிறகும் நீங்கள் எழும்பி என்ரை பேரைச் சொன்னது சரியான சந்தோசம். நான் பதட்டத்திலை ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லிப்போட்டன். அது பிழை. நீங்கள் சொன்னதுதான் சரி.”

இதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அரை நிமிடமும் ஆகாது. ஆனால் இதில் மூன்று விடயம் இருக்கிறது: அவர் செய்தது, உங்கள் மனம், உங்கள் திருத்தம். இதற்கு மேல் ஒரு வரி கூட்டினாலும் அவர் கூச்சப்படத் தொடங்குவார். “நீங்கள் எவ்வளவு நல்ல மனுசன்”, “இந்தக் காலத்திலை ஆர் இப்பிடிச் செய்வினம்” என்பதெல்லாம் வேண்டாம். அதுவும் இரண்டாவது வரி மிக ஆபத்தானது. மற்றவர்கள் எல்லாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்ற பொருள் அதில் இருக்கிறது. யாராவது காதில் விழுந்தால் அண்ணைக்குத்தான் தொல்லை.

எங்கே சொல்வது என்ற உங்கள் பயம் நியாயமானது. எங்கள் அலுவலகங்களில் கதை கட்டுபவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் இரண்டே இரண்டு இடங்களைத்தான் நினைத்திருக்கிறீர்கள்: ஆளில்லாத இடம், அல்லது எல்லார் முன்னாலும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. எல்லார் கண்ணுக்கும் தெரியும், காதுக்குக் கேட்காது. விறாந்தை, போட்டோக் கொப்பி மெசினடி, பதிவறைக்குப் போகும் வழி. ஆட்கள் போய்வருகிற இடத்தில் நின்று அரை நிமிடம் கதைத்தால் அதில் யாருக்கும் கதை கட்ட ஒன்றுமில்லை. கதவைச் சாத்திய அறையிலும், நாலரைக்கு எல்லாரும் போன பிறகு சைக்கிள் நிறுத்துமிடத்திலும் சொல்லாதீர்கள். அதே சொற்கள்தான், ஆனால் அங்கே அவை வேறு மாதிரி ஒலிக்கும்.

கையில் ஒரு வேலை இருக்கட்டும். அவருடைய கையொப்பம் வேண்டிய ஒரு கோவை, அல்லது கிராம அலுவலரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. வேலையில் தொடங்குங்கள், நடுவில் அந்த மூன்று வரியைச் சொல்லுங்கள், மறுபடி வேலையில் முடியுங்கள். வேலையில் முடிப்பது மிகவும் முக்கியம். புகழ்ச்சியைக் கேட்டவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. நீங்கள் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். “அப்ப இந்தக் கோவையை இண்டைக்கே மேலை அனுப்பட்டோ?” என்று கேட்டுவிட்டால், அவருக்குப் போக ஒரு வழி கிடைக்கிறது. முடிந்தால் இருவரும் ஒரே பக்கம் நடந்துகொண்டு கதையுங்கள். எதிரெதிரே நின்று கண்ணைப் பார்த்துச் சொல்வதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டு சொல்வது கூச்சமுள்ளவர்களுக்கு இலகு.

அவர் என்ன சொல்வார் என்று நான் ஊகிக்கிறேன். “அதுக்கென்ன பிள்ளை, உள்ளதைத்தானே சொன்னனான்” என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் கோவையைத் திறந்து பார்ப்பார். அல்லது, “அப்ப அடுத்த வெள்ளத்துக்கும் நீர்தான் பட்டியல் பாக்கிறது” என்று ஒரு பகிடி விடுவார். மூன்றும் ஒன்றுதான். அவர் ஏற்றுக்கொண்டார். “இல்லை அண்ணை, உண்மையாவே…” என்று மறுபடி தொடங்காதீர்கள். இரண்டாவது தரம் சொன்னால் முதலில் சொன்னது கரைந்துபோகும். பகிடி விட்டால் சிரித்துவிட்டு உங்கள் மேசைக்குப் போங்கள்.

நான்கு நாள் பிந்திவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். 2018இல் அமித் குமார், நிக்கொலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள், தங்களுக்கு நன்மை செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி ஆட்களைக் கேட்டார்கள். அதை வாசிப்பவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதம் பெற்றவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்த அளவு சங்கடம் பெற்றவர்களுக்கு இருக்கவில்லை. மகிழ்ச்சியோ நினைத்ததைவிடக் கூடவே இருந்தது. சொல்லப்போகிறவர் தன் சொற்கள் சரியாக அமையுமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். கேட்பவர் சொற்களை அவ்வளவாக நிறுத்துப் பார்ப்பதில்லை. நான்கு நாள் அல்ல, இரண்டு வாரம் கழித்துச் சொன்னாலும் அவர் மனதில் அது நிற்கும். ஆனால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னம் சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

செய்யக்கூடாத இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒன்றை நானே செய்து பட்டிருக்கிறேன்.

என் முதல் வேலையில், நான் தயாரித்த ஒரு பயிற்சித் திட்டத்தைப் பற்றி ஒரு மூத்தவர் பணிப்பாளர் முன்னிலையில் என் பெயரைச் சொன்னார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம். அடுத்த நாள் பேக்கரியில் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு போய், தேத்தண்ணி நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, “இது சேருக்கு நன்றி சொல்ல” என்று வெட்டினேன். அவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “எங்கடை வேலையையும் ஒருக்கால் சொல்லுங்கோ சேர், நாங்களும் கேக் தாறம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூத்தவர் ஒரு உண்மையைச் சொன்னார், நான் அதற்கு விலை கொடுத்ததுபோல ஆகிவிட்டது. அதன் பிறகு அவர் என் பெயரை மட்டுமல்ல, வேறு ஒருவர் பெயரையும் கூட்டத்தில் சொல்லி நான் கேட்கவில்லை. பல வருடம் கழித்துத்தான் அதற்கும் கேக்குக்கும் இருந்த தொடர்பு எனக்கு விளங்கியது.

ஆகவே பரிசு வேண்டாம். பேனையோ, சட்டைத் துணியோ, இனிப்புப் பெட்டியோ எதுவும் வேண்டாம். அதோடு நீங்கள் இருவரும் அரச உத்தியோகத்தர்கள், நிவாரணப் பட்டியல் சம்பந்தப்பட்ட வேலை. அந்த இடத்தில் கைமாறும் எந்தப் பொதியும் நல்லதல்ல. வழக்கமாக நீங்கள் வீட்டிலிருந்து பருத்தித்துறை வடையோ பனங்கட்டியோ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுக்கிறவர் என்றால், அதை வழக்கம்போல எல்லாருக்கும் கொடுங்கள், அண்ணைக்கும் ஒரு பங்கு போகட்டும். அதை இந்த விடயத்தோடு சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, வட்சப் குழு. அலுவலகக் குழுவில் “அண்ணைக்கு என் மனமார்ந்த நன்றிகள்” என்று போட்டால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து விழும். பிறகு ஒருவர், “எங்களுக்கெல்லாம் இல்லையா” என்று எழுதுவார். அண்ணை அதற்குப் பதில் போட வேண்டும், போடாவிட்டாலும் குற்றம். அவர் வெளிக்கள வேலையில் இருந்து நேரில் காணவே முடியாவிட்டால் மட்டும், அலுவலக நேரத்துக்குள் அவருக்குத் தனியாக அந்த மூன்று வரியையும், அதோடு ஒரு வேலை விடயத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு அனுப்பாதீர்கள். அவருடைய தொலைபேசி அவர் வீட்டு மேசையில்தான் இருக்கும். உங்கள் மனதில் களங்கம் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் ஒளிரும் ஒரு செய்திக்கு அவர் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிவரக்கூடாது.

இனி அந்த அக்காவின் விடயம். உங்கள் கடிதத்தில் கடைசியில் வந்தாலும், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒருவருக்குப் பெயர் கிடைத்த இடத்தில் இன்னொருவர் விடுபட்டிருந்தால், நன்றி சொல்லி முடிந்துவிடாது. அண்ணைக்கு அக்கா செய்த வேலை தெரிந்திருக்காது. ஆகவே “நீங்கள் அக்காவையும் சொல்லியிருக்கலாம்” என்று அவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். நல்லது செய்தவரிடம் குறை கண்டதாகிவிடும். அதைச் சரிசெய்ய வேண்டியவர் நீங்கள். வேலை எப்படி நடந்தது என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

இன்றோ நாளையோ முதலில் அக்காவிடம் போங்கள். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது வேலையின் விபரத்தோடு இருக்க வேண்டும். நீங்கள் எழுதாவிட்டாலும் அந்த இரட்டைப் பதிவு எங்கே இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2016இலிருந்து புதிய அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கம், அதற்கு முந்தியதற்கு ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய எண்ணையும் இன்னோரிடத்தில் புதிய எண்ணையும் கொடுத்திருந்தால், கணினிக்கு அது இரண்டு ஆள். பழைய எண்ணின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு சுழியம் போட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் இரட்டைப் பதிவு வெளியே தெரியும். இந்த வழியைக் கண்டுபிடிப்பது ஒருவர் வேலை. அதன் பிறகு ஒவ்வொரு பெயரையும் கிராம அலுவலரின் படிவத்தோடு வைத்து, இது உண்மையில் ஒரே ஆள்தானா, அல்லது யாரோ எண்ணைப் பிழையாக எழுதியதா என்று பார்க்க இரண்டு கண் வேண்டும். அங்கே ஒரு பெயரைப் பிழையாக வெட்டினால் ஒரு குடும்பத்துக்கு உலர் உணவு போகாது. அக்கா இரண்டு நாள் இருந்து செய்தது இந்த வேலையாக இருந்தால், அது சின்ன வேலையே இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள்: “அக்கா, கூட்டத்திலை என்ரை பேர்தான் வந்தது. படிவம் முழுக்க நீங்கள் பாக்காட்டி நான் பிழையா ஆரையும் வெட்டியிருப்பன். அடுத்த கூட்டத்திலை அதைச் சொல்லட்டோ?”

“சொல்லட்டோ” என்று கேட்பது முக்கியம். சிலருக்குக் கூட்டத்தில் பெயர் வருவது பிடிக்காது. இன்னொரு பிரிவில் இருந்துகொண்டு உங்களுக்கு உதவியிருந்தால், “தன்ரை வேலையை விட்டிட்டு அங்கை போய் இருந்தவ” என்று அவருடைய பிரிவுத் தலைவர் கேட்கக்கூடும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நேரில் சொன்னதே போதும்.

சம்மதித்தால், நான் முன்னர் சொன்ன மாதக் கூட்டத்தின் காரணம் இங்கே வருகிறது. கூட்டத்தின் தொடக்கத்தில் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்து, ஏதும் திருத்தம் உண்டா என்று கேட்பார்கள். பெரும்பாலும் எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தாண்டிப்போகும் கட்டம் அது. உங்களுக்கு வேண்டிய இடம் அதுதான். நிவாரணப் பட்டியல் பற்றிய பந்தி வரும்போது, இருந்த இடத்திலிருந்தே ஒரு வசனம் சொல்லுங்கள்:

“மடம், அந்த இரட்டைப் பதிவு விடயம் போன முறை அண்ணை சொன்ன மாதிரி நான்தான் பாத்தனான். அதைப் படிவங்களோடை சரிபாத்தது அக்கா. அவவின்ரை பெயரையும் சேர்த்தால் நல்லது.”

இந்த ஒரு வசனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். சென்ற மாதம் நீங்கள் “ஒண்டும் செய்யேல்லை” என்று சொன்னதை, மன்னிப்பும் விளக்கமும் இல்லாமல் அதே முப்பது பேர் முன்னால் திருத்திவிட்டீர்கள். “அண்ணை சொன்ன மாதிரி” என்ற மூன்று சொல்லில் அவர் சொன்னது உண்மை என்று பதிவாகிவிட்டது. நன்றி என்ற சொல் அங்கே வரவில்லை, ஆகவே அவர் நெளியவும் வேண்டியதில்லை. அக்காவின் பெயர் எழுத்தில் வருகிறது. கூட்டத்தில் சொன்னது மறந்துபோகலாம், அறிக்கையில் வந்தது கோவையில் இருக்கும். பின்னொரு காலத்தில் யாராவது அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டால் யாரிடம் கேட்பது என்றும் தெரியும்.

அண்ணையிடம் நீங்கள் முன்னமே தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். சொல்லாமல் கூட்டத்தில் மட்டும் இதைச் சொன்னால், இவ்வளவு நாளும் பேசாமல் இருந்துவிட்டு இப்போது மடத்துக்கு முன்னால் பெயர் எடுக்கிறாளே என்று அவருக்குத் தோன்றலாம். விறாந்தையில் மூன்று வரி முதலில், கூட்டத்தில் ஒரு வசனம் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கும் வழக்கம் இல்லையென்றால், பட்டியலின் அடுத்த திருத்திய பிரதியை அனுப்பும் கடிதத்தில் “தயாரித்தவர்”, “சரிபார்த்தவர்” என்று இரண்டு வரி போட்டுவிடுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது யாராவது, “என்ன, மாறி மாறிப் பாராட்டுறியள்” என்று சொல்லக்கூடும். அதற்குத் தயாராக இருங்கள். கோபிக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். “ஓம், பட்டியல் பெரிசெல்லே, ஆர் என்ன பாத்தது எண்டு தெரியாட்டிப் பிறகு கஷ்டம்” என்று வேலையைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அண்ணை இதற்குப் பிறகும் கொஞ்ச நாள் விலகியே இருந்தால், நீங்கள் ஏதோ பிழை செய்துவிட்டீர்கள் என்று நினைத்து மறுபடி போய்ச் சொல்லாதீர்கள். அதிகம் கதைக்காதவர்கள் அப்படித்தான், தங்கள் சந்தோசத்தையும் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார்கள். அடுத்த தரம் ஒரு சிக்கலான பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் உங்கள் மேசைக்கு வந்து, “இதை ஒருக்கால் பாரும் பிள்ளை” என்று வைத்துவிட்டுப் போனால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள்.